செங்கல்லை அடுக்க எவ்வளவு வேலை?

தரையில் பத்துச் செங்கற்கள் தட்டையாகக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் 3 கிலோ, தடிமன் 7 செ.மீ. இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் குறைந்தது எவ்வளவு வேலை செய்ய வேண்டும்? கேட்டதும் பலர் மொத்த நிறை 30 கிலோ, அடுக்கின் உயரம் 70 செ.மீ. என்று பெருக்கிவிடுவார்கள். உச்சியில் இருக்கும் கல்கூட 70 செ.மீ. ஏறவில்லை, அடியில் இருப்பதோ நகரவே இல்லை, அப்புறம் எப்படி அந்தக் கணக்கு சரியாகும்?

ஒவ்வொரு கல்லாகப் பார்த்தால் முதல் கல்லுக்கு வேலை பூச்சியம். இரண்டாவது 7 செ.மீ. ஏறுகிறது, மூன்றாவது 14, இப்படியே போய் பத்தாவது 63 செ.மீ. எல்லாவற்றையும் கூட்டினால் 315 செ.மீ., அதாவது 3.15 மீட்டர். இதை ஒரு கல்லின் நிறையாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் 3 × 9.8 × 3.15, கிட்டத்தட்ட 92.6 ஜூல்.

பத்துக் கல்லுக்கு இப்படிக் கூட்டலாம், இருநூறு கல்லுக்குக் கூட்டப் பொறுமை இருக்காது. அங்கேதான் நிறை மையம் கைகொடுக்கிறது. மொத்தக் கற்களையும் ஒரே பொருளாக நினைத்துக்கொண்டு, அதன் நிறை மையம் முதலில் எந்த உயரத்தில் இருந்தது, கடைசியில் எங்கே வந்தது என்று மட்டும் பார்த்தால் போதும். தட்டையாகக் கிடக்கும்போது ஒவ்வொரு கல்லின் மையமும் தரையிலிருந்து 3.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, ஆகவே பத்துக்கும் சேர்த்து நிறை மையமும் அதே 3.5. அடுக்கிய பிறகு அது 70 செ.மீ. தூணின் நடுவில், 35-இல் இருக்கும். ஏற்றம் 31.5 செ.மீ. 30 × 9.8 × 0.315 என்று பெருக்கிப் பாருங்கள், அதே 92.6 ஜூல்.

இந்த முறையில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: தொடக்கத்தில் இருந்த 3.5-ஐக் கழிக்க மறந்து 35 செ.மீ. என்றே போட்டுவிடுவது. விடை 102.9 ஜூல் என்று வரும், பார்க்க நம்பும்படியாகவும் இருக்கும். இதைப் பிடிக்க எளிய வழி, ஒரே ஒரு கல்லுக்குக் கணக்கிட்டுப் பார்ப்பது. ஒற்றைக் கல்லை அடுக்க வேலையே கிடையாது, உங்கள் கணக்கு பூச்சியம் தரவில்லை என்றால் எங்கோ தவறு.

n கற்கள், ஒன்றின் நிறை m, தடிமன் h, புவியீர்ப்பு முடுக்கம் g என்றால் வேலை W:

W = mgh · n(n − 1)/2

கல் இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்துக்கு 45 mgh, இருபதுக்கு 190 mgh, நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் அதே இருபதைப் பத்துப் பத்தாக இரண்டு அடுக்குகளாக வைத்தால் 90 mgh-தான். மீதி 100 எங்கே போனது? ஒரு அடுக்கை முழுதாகத் தூக்கி மற்றதன் தலையில் வைத்துப் பாருங்கள்: பத்துக் கல், ஒவ்வொன்றும் பத்துத் தடிமன் உயர்கிறது, அதுதான் அந்த 100. எந்த வரிசையில் அடுக்கினாலும் மொத்தம் மாறாது. ஒவ்வொரு தடவையும் இருக்கும் அடுக்கைத் தூக்கி அடியில் புதுக் கல்லைச் செருகினாலும் (யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், கணக்குக்காகச் சொல்கிறேன்) அதே 190-தான் வரும், ஏனென்றால் நிறை மையம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மாறவில்லை.

தொடக்கத்தில் கற்கள் எப்படி இருந்தன என்பதும் முக்கியம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதே கல் 22 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு, மூன்று கற்களைத் தரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். நிறை மையம் 11 செ.மீ. உயரத்தில் இருக்கும். இப்போது அவற்றைப் படுக்கவைத்து அடுக்கினால் தூண் 21 செ.மீ., மையம் 10.5. அடுக்கியிருக்கிறோம், ஆனால் நிறை மையம் இறங்கியிருக்கிறது! கணக்குப்படி மொத்த வேலை எதிர்மறை. முதல் கல்லின் மையம் 7.5 செ.மீ. இறங்கியது, இரண்டாவது அரை செ.மீ. இறங்கியது, மூன்றாவது மட்டும் 6.5 ஏறியது. அதற்காகக் கைக்கு வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் கல் இறங்கியபோது விடுபட்ட ஆற்றலைச் சேமித்து மூன்றாவதைத் தூக்கத் தரும் கருவி நம்மிடம் இல்லை, அது சூடாகவும் சத்தமாகவும் போய்விடும், மூன்றாவதைத் தனியாகத்தான் தூக்கியாக வேண்டும்.

மனிதர் அடுக்கும்போதும் இதே கதைதான். கல்லை வேண்டிய உயரத்துக்கு மேலே தூக்கி, பிறகு இறக்கி வைக்கிறோம். அதோடு ஒவ்வொரு தடவை குனிந்து நிமிரும்போதும் உடம்பின் மேற்பாதியையும் சேர்த்தே தூக்குகிறோம், அது ஒரு கல்லைவிடப் பல மடங்கு கனம். தசையோ செலவழிக்கும் ஆற்றலில் சுமார் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. அதனால் அந்த 92.6 ஜூல் கற்கள் பெற்றுக்கொண்ட ஆற்றல் மட்டுமே, அடுக்கியவர் செலவழித்தது அதைப்போலப் பல மடங்கு.