மேனேஜர் சொன்னது தெளிவாக இல்லையா? இப்படிக் கேளுங்கள்

பெங்களூரில் ஒரு சமையலறைச் சாதன நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வுக் குழுவைக் கவனித்துக்கொள்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் நிறையப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள். மேனேஜர் என்ன சொன்னாலும் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு இருக்கைக்குப் போய்விடுகிறார்கள். திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு, நமக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடுவார் என்ற பயம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு செவ்வாய்க்கிழமை மாலை வந்த வேலை இது: "க்யூ ஃபோர் சேல்ஸ் டல்லா இருக்கும்மா. ரீஜன் வாரியா ஒரு ரிப்போர்ட் போட்டுடு, வெள்ளிக்கிழமை பார்ப்போம்."

கேட்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. அவள் உடனே கேள்வி கேட்கவில்லை. முதலில் அரை மணி நேரம் விற்பனைத் தரவைத் திறந்து பார்த்தாள். இந்த அரை மணி நேரம் முக்கியம். தரவைப் பார்க்காமல் கேட்டால் "எப்படி வேணும் சார்?" என்றுதான் கேட்க வரும். அதற்கு "நல்லா வேணும்" என்பதைத் தவிர அவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

தரவைப் பார்த்ததும் குழப்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நம் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிவதால், நான்காம் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் எங்கள் தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது, அவர்களுடைய கணக்கு காலண்டர் ஆண்டுப்படி. அவர்களுக்கு அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டு வழக்கமும் எங்கள் ஆபீஸில் புழங்குகிறது.

அடுத்து, "டல்" என்பது எதோடு ஒப்பிட்டு? ஜனவரி–மார்ச் விற்பனையை அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால், அதில் தீபாவளி வந்துவிடுகிறது. மிக்ஸியும் குக்கரும் அதிகம் விற்கும் காலம் அது. அதன் பக்கத்தில் எந்த மூன்று மாதத்தை வைத்தாலும் டல்லாகத்தான் தெரியும். போன வருடத்தின் இதே மூன்று மாதத்தோடு வைத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். அதோடு, தீபாவளிக்கு வாங்கி விற்காத சரக்கை டீலர்கள் ஜனவரியில் திருப்பி அனுப்புகிறார்கள். விற்பனை என்றால் பில் போட்ட தொகையா, அல்லது திரும்பி வந்ததைக் கழித்த தொகையா?

ரீஜனும் அப்படித்தான். ஓசூர் கிடங்கிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்து டீலர்களுக்குச் சரக்கு போகிறது. கிடங்கை வைத்துப் பிரித்தால் அது தமிழ்நாட்டுக் கணக்கு, டீலர் முகவரியை வைத்துப் பிரித்தால் கர்நாடகக் கணக்கு.

இத்தனையையும் பார்த்துவிட்டு அவள் அனுப்பிய செய்தி:

"சார், ரிப்போர்ட்டை ஜனவரி–மார்ச்சுக்கு, போன வருடம் இதே மாதங்களோடு ஒப்பிட்டு, ரிட்டர்ன் கழித்து, டீலர் முகவரிப்படி போடலாம் என்றிருக்கிறேன். மாற்ற வேண்டியது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு விஷயம் மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். இதை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறோம்? வெள்ளிக்கிழமை உங்கள் கையில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும்?"

கவனியுங்கள், தானே ஊகிக்கக்கூடியதை ஊகமாகவே சொல்லி, திருத்தும் வாய்ப்பை அவரிடம் விட்டுவிட்டாள். மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் இருப்பவர் "ஓகே, ஆனா ரிட்டர்னைத் தனியா காட்டு" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஊகிக்கவே முடியாத இரண்டைத்தான் கேள்வியாகக் கேட்டாள்.

அந்த முதல் கேள்விதான் வேலையின் வடிவத்தையே மாற்றியது. தமிழ்நாட்டு, கர்நாடக டீலர்களுக்குத் தரும் தள்ளுபடியை அடுத்த வருடமும் தொடரலாமா என்பதுதான் முடிவு. அப்படியென்றால் எல்லா ரீஜனும் தேவையில்லை. இரண்டு மாநிலம், டீலர் வாரியாக, ஒரே பக்கம் போதும். மீட்டிங் வெள்ளி காலை 11 மணிக்கு என்பதால் அவருக்கு வியாழன் மாலையே தேவைப்பட்டது. கேட்காமல் இருந்திருந்தால் வெள்ளி மதியம்தான் முடித்திருப்பாள்.

தரவு எந்தக் கோப்பில் இருக்கிறது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் போன்றவற்றை மேனேஜரிடம் கொண்டு போகாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கே தெரியும். நேரில் பேசித் தெளிவு கிடைத்தாலும், "இப்படித்தானே சார்?" என்று மூன்று வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். வேலையின் நடுவில் அவர் எண்ணம் மாறினால், எது மாறியது என்று இருவருக்கும் தெரியும்.

சில சமயம் "நீயே பார்த்துப் போடு" என்பதுதான் பதிலாக வரும். பெரும்பாலும் அவருக்கே இன்னும் தெளிவு வந்திருக்காது. அப்போது மேலும் கேள்வி கேட்டுப் பயனில்லை. தலைப்புகள் மட்டும் போட்ட காலி அட்டவணை ஒன்றை எக்ஸெல்லில் தயாரித்து, எண்களை நிரப்புவதற்கு முன்பே காட்டுங்கள். என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர்கூட, அதைப் பார்த்ததும் "இந்தத் தலைப்பு வேண்டாம், இங்கே டீலர் பெயர் வரணும்" என்று சொல்லிவிடுவார்.