சிலேடையை ஏன் கெட்ட வார்த்தை ஆக்குகிறீர்கள்?

எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி ஒன்று. அறிவிப்பில் ‘பெரியவர்கள் ரசிக்க இரட்டை அர்த்த நகைச்சுவையும் உண்டு’ என்று போட்டிருந்தார்கள். “அப்ப என் பொண்ணை அனுப்பலாமா, வேண்டாமா?” என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

‘டபுள் மீனிங்’ என்பதை அப்படியே பெயர்த்த சொல் இது. சினிமா புண்ணியத்தில் தமிழில் அதற்கு ஆபாசம் என்ற ஒரே அர்த்தம்தான் மிஞ்சியிருக்கிறது. அறிவிப்பு எழுதியவர் சொல்ல நினைத்தது சிலேடை. வடமொழி ‘ச்லேஷ’த்திலிருந்து வந்தது, தழுவிக் கிடப்பது என்று பொருள். வருஷம் வருடமானதுபோல இங்கும் ஷ, ட ஆனது. தனித்தமிழ் வேண்டுவோருக்கு ‘இரட்டுற மொழிதல்’ இருக்கிறது. நன்னூல் 32 உத்திகளில் ஒன்றாகச் சொல்கிறது. அழகான பெயர்தான், ஆனால் கதை நிகழ்ச்சி நோட்டீசில் போட்டால் இலக்கண வகுப்பு என்று நினைத்துவிடுவார்கள். எனக்குச் சிலேடையே போதும்.

‘இரண்டும் ஒன்றுதானே’ என்பவர்களுக்கு: இல்லை. காளமேகம் வைக்கோலுக்கும் யானைக்கும் பாடிய சிலேடையில் ‘வாரிக் களத்தடிக்கும்’ என்று வரும். வைக்கோலை வாரிக் களத்தில் அடிப்பார்கள். யானை பகைவரை வாரிப் போர்க்களத்தில் அடிக்கும். எந்தப் பக்கம் படித்தாலும் முழுசாக நிற்கிறது. இரட்டை அர்த்த வசனத்தில் முதல் பொருள் வெறும் திரை. அதை மட்டும் கேட்டால் உளறல்போல இருக்கும். வசனம் எழுதுபவர்கள் சோம்பேறித்தனத்தில் செய்வதற்கு ஏன் காளமேகத்தின் சரக்கைப் பங்கு போட வேண்டும்?

அப்புறம், ஆபாசம் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை என்றும் சொல்ல முடியாது. என் மைத்துனர் சதா மொக்கை ஜோக் சொல்பவர். அவர் வரும்போது, “மாமா வந்தாச்சு, இனி ஒரே கடிதான்” என்றேன். பெரியவர்கள் சிரித்தார்கள். மூன்று வயது மகள் அம்மாவின் புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். சாப்பிடும்போதும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. ‘அறுவை’, ‘ரம்பம்’ என்று மாற்றியிருந்தால் இன்னும் மோசம். பிள்ளைக்குப் போய்ச் சேர்வது மேல்பொருள் மட்டும்தான். நம் சிரிப்பு அதற்குச் சாட்சி சொல்வதுபோல ஆகிவிடுகிறது.

அடுத்த முறை, “மாமா பேச ஆரம்பிச்சா தாலாட்டுதான்” என்றேன். பெரியவர்களுக்குத் தூக்கம் வரவைக்கும் பேச்சு, அவளுக்குப் பாட்டு. இதைச் சொல்லும்போதே எதிர்பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: கேட்டதைப் பிள்ளை அந்த ஆளிடமே போய்ச் சொல்லும். சொன்னாள். “மாமா, தாலாட்டுப் பாடுங்க” என்று மடியில் ஏறி உட்கார்ந்தாள். மைத்துனர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாடினார். பேச்சைவிடச் சுமார்.