சைலன்சரில் தண்ணீர் சொட்டினால் ஹைட்ரஜன் கார் ஆகிவிடாது

பானட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஜாடி, அதில் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர். இதைப் பெட்ரோல் காரில் மாட்டிக்கொண்டு, "ஹைட்ரஜன்ல ஓடுது சார், சைலன்சர்ல தண்ணியா வருது பாருங்க" என்று தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து பட்டறைக்கு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை.

பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் உண்டாகும். லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். காலையில் சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது நீராவி உள்ளே படிந்து சொட்டுகிறது. சூடேறியதும் ஆவியாகவே போய்விடுவதால் கண்ணில் படுவதில்லை. ஜாடி மாட்டுவதற்கு முந்தின நாளும் சொட்டத்தான் செய்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. அதோடு லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் போகிறது.

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் உண்மையான ஃபியூல் செல் காரில் எதுவும் எரிவதில்லை. ஒரு மெல்லிய சவ்வு, இருபுறமும் பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் வெளிக்காற்று. ஹைட்ரஜன் அணு பிரிந்ததும் புரோட்டான் சவ்வுக்குள் புகுந்து போகும். எலக்ட்ரானைச் சவ்வு விடாது. அது ஒயர் வழியாக மோட்டாரைச் சுழற்றிவிட்டுத்தான் மறுபுறம் சேரும். அங்கே ஆக்சிஜனோடு கூடித் தண்ணீராகிறது. வண்டி ஓடும்போது ஒரு செல் தருவது 0.6, 0.7 வோல்ட்தான். அதனால்தான் டொயோட்டா மிராயில் 330 செல்களை அடுக்கியிருக்கிறார்கள்.

திருச்சியிலிருந்து கும்பகோணம் சுமார் 100 கி.மீ. என்று வையுங்கள். அப்படிப்பட்ட காருக்கு ஏறக்குறைய 900 கிராம் ஹைட்ரஜன் ஆகும். உண்டாகும் தண்ணீர் 8 லிட்டர், அரைக் குடத்துக்கு மேல். ஒரு பகுதி ஆவியாக, மீதி சொட்டாகப் போகும். ஆனால் குழாயில் வருவதில் பெரும்பங்கு தண்ணீரும் இல்லை, உள்ளே இழுத்த காற்றின் நைட்ரஜன். கூடவே மிச்ச ஆக்சிஜன். செல்லைச் சுத்தம் செய்ய அவ்வப்போது திறக்கும் வால்வு வழியே துளி ஹைட்ரஜன். கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரோகார்பனோ வராது. புகைப் பரிசோதனையில் மீட்டர் இவற்றைக் காட்டினால், அந்த வண்டி பெட்ரோலில்தான் ஓடுகிறது.

இப்போது ஜாடிக்கு வருவோம். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுத்தால் மணிக்கு 5 கிராம் ஹைட்ரஜன் கிடைப்பதே அதிகம். தேவையோ 900 கிராம். அந்த மின்சாரமும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. அதைச் சுற்றுவது உங்கள் பெட்ரோல். தண்ணீரைப் பிரிக்க ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட் செலவாகும். அதே ஹைட்ரஜனை ஃபியூல் செல்லில் விட்டால்கூடத் திரும்புவது 20 யூனிட்டுக்குள்தான். தண்ணீர் எரிபொருள் இல்லை, ஹைட்ரஜன் எரிந்து முடிந்த மிச்சம். நிஜக் காரில் ஹைட்ரஜன் 700 பார் அழுத்த டேங்கில் இருக்கும், நிரப்ப நிலையம் வேண்டும். "தண்ணி ஊத்தினா போதும்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். ஜாடிக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே நிற்கும், ஒரு பொறி போதும். எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து காற்றோட்டமாக விட்டபின், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். பக்கத்தில் பீடி, லைட்டர் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காஸ்டிக் தண்ணீர் கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.