ஒரே தொழிற்சாலை, இரண்டு பெயர்: பிராண்டின் பலத்தை விலையில் படிப்பது

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் நும்மி என்றொரு கார் தொழிற்சாலை இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கியது. அங்கே ஒரே தொழிலாளர்கள் செய்த கார்களில் சில டொயோட்டா கொரோலா என்ற பெயரில் வெளியே போயின, சில ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ ப்ரிஸம் என்ற பெயரில் போயின. 1998 முதல் ப்ரிஸமின் பெயரில் ஜியோ போய் செவ்ரலே வந்தது. முன்பக்கத் தோற்றத்திலும் சில வசதிகளிலும் வேறுபாடு உண்டு. ஆனால் அடிப்படை வடிவமைப்பு ஒன்றுதான்.

கொரோலா கூடுதல் விலைக்கு விற்றது, எண்ணிக்கையிலும் மிக அதிகமாக விற்றது. பழைய கார் சந்தையிலும் ப்ரிஸமின் மதிப்புதான் வேகமாக இறங்கியது. இந்த இடைவெளியைத்தான் பிராண்ட் ஈக்விட்டி என்கிறார்கள். அதாவது, பொருளிலிருந்து பெயரை மட்டும் தனியே பிரித்து எடுத்தால் அந்தப் பெயர் எவ்வளவு பெறும் என்பது. மக்களின் மனதில் இருக்கும் நினைவும் நம்பிக்கையும்தான் அதன் இருப்பிடம். அதை நேரடியாக எடை போட முடியாது. ஆனால் வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை எண்ண முடியும். அந்தக் கூடுதலுக்குத்தான் விலை பிரீமியம் என்று பெயர்.

கணக்கு எளிது. பெயரில்லாத பொருள் 100-க்கும், அதே தரத்தில் பெயருள்ள பொருள் 130-க்கும் விற்றால் பிரீமியம் 30%. இதில் 'அதே தரத்தில்' என்பதுதான் உயிர்நாடி. பெயருள்ள பொருளில் நல்ல மூலப்பொருளும் நீண்ட உத்தரவாதமும் இருந்தால், அந்த 30-ல் ஒரு பங்கு அவற்றுக்கான விலை. அதையும் பெயரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நும்மி கார்கள் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷமாக அமைந்ததற்குக் காரணம், இந்தப் பிரிப்பு வேலையில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிட்டது. அப்போதும் விற்பனை நிலையம், சர்வீஸ், உத்தரவாதம் ஆகியவை வேறு வேறு என்பதால் இடைவெளி முழுவதையும் பெயருக்கே கொடுக்க முடியாது.

இப்படி ஒரே பொருள் இரண்டு பெயர்களில் கிடைக்காதபோது, வாங்குபவரிடமே கேட்கிறார்கள். இரண்டு பெயர்களும் ஒரே விலையில் இருந்தால் எது வேண்டும்? சரி, அதன் விலை 5 கூடினால்? 10 கூடினால்? எந்தப் படியில் அவர் மற்றதற்கு மாறுகிறாரோ, அது வரைக்கும்தான் அந்தப் பெயருக்கு அவரிடம் பலம். வாயால் சொல்வதும் கடையில் செய்வதும் ஒன்றல்ல என்பதால், உண்மையான பில்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது அவசியம். அட்டையில் அச்சிட்ட விலையைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. எப்போதும் தள்ளுபடியில்தான் விற்கிறது என்றால், தள்ளுபடி போக வரும் தொகைதான் அதன் விலை.

பிரீமியத்தை மட்டும் பார்ப்பதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அந்த 130 விலையில் 1,000 பொருள்கள் விற்றால், பெயர் ஈட்டியது 30,000. அடுத்த ஆண்டு விலையை 150 ஆக்குகிறார்கள், 500 மட்டுமே விற்கிறது. பிரீமியம் 30-லிருந்து 50 ஆகிவிட்டது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெயர் ஈட்டியது 25,000 தான். ஆகவே விலையோடு எண்ணிக்கையையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும். குறைந்த விலைக்குப் பேர் போன பிராண்டுகளிடமும் இதையே பார்க்க வேண்டும். அவற்றுக்குப் பிரீமியம் இருக்காது, ஆனால் அதே விலையில் மற்றவர்களைவிட அதிகம் விற்கும். அந்தக் கூடுதல் விற்பனையும் பெயரின் பலம்தான்.

அமெரிக்காவில் மார்ல்பரோ சிகரெட்டுக்கு நடந்தது இந்த 130-150 கதைதான். ஆண்டுக்காண்டு விலை ஏறியது. மலிவு விலை சிகரெட்டுகளோடு இடைவெளி அகன்றுகொண்டே போக, வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். 1993 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை, அதைத் தயாரித்த பிலிப் மோரிஸ் நிறுவனம் பாக்கெட்டுக்கு 40 சென்ட், அதாவது சுமார் 20% விலையைக் குறைப்பதாக அறிவித்தது. அன்று ஒரே நாளில் அந்நிறுவனத்தின் பங்கு விலை 20%-க்கும் மேல் சரிந்தது. பிராண்டுகளின் காலமே முடிந்தது என்று அப்போது பலர் பேசினார்கள்.

ஆனால் விலை குறைந்த பிறகு மார்ல்பரோவின் சந்தைப் பங்கு மீண்டும் உயர்ந்தது. மக்களுக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் போகவில்லை. அதற்காக அவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த கூடுதலைவிட அதிகமாக நிறுவனம் கேட்டுக்கொண்டிருந்தது.