சிலாஜிசம்: சொல்லும் மூன்று வட்டங்களும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரியிலும் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ‘சிலாஜிசம்’ என்றே சொல்லிப் பழகிவிட்ட சொல், கிரேக்கத்தின் ‘சுல்லோகிஸ்மோஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘சேர்த்துக் கணக்கிடுதல்’ என்பது அதன் வேர்ப்பொருள். கூற்றுகள் சிலவற்றை ஏற்றுக்கொண்டால் அவற்றிலிருந்து வேறொன்று தவிர்க்க முடியாமல் பெறப்படும் வாதத்தை, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இப்பெயரால் குறித்தார். மணிமேகலை காட்டும் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகள் கொண்ட அனுமானம் இதற்கு உறவுடையதே என்றாலும், அது எடுத்துக்காட்டு ஒன்றை வேண்டி நிற்பதால் ‘அனுமானம்’ என்ற சொல் இங்கே சரியாகப் பொருந்தாது. இரண்டு கூற்றும் ஒரு முடிவும் கொண்ட அடிப்படை வடிவத்துக்கு ‘முக்கூற்று வாதம்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இவ்வாதத்தைப் பெரும்பாலும் ‘எல்லாம்’, ‘சில’, ‘எதுவும் இல்லை’ என்பவற்றின் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ‘ஆல் கூட்டல் ஆல், ஆல்’, ‘சம் கூட்டல் நோ, சம் நாட்’ என்னும் வாய்பாடாகவே மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றுள் அதிகம் இடறவைப்பது ‘நோ கூட்டல் ஆல், சம் நாட், தலைகீழ்’ என்பதாகும். முடிவில் வரும் இரண்டு பெயர்களையும் தலைகீழாக்க வேண்டும் என்பது நினைவிலிருந்தாலும், ஏன் என்பது வாய்பாட்டில் இல்லை. ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம்.

கூற்று 1: எந்தக் கட்டுமரமும் விசைப்படகு அன்று.
கூற்று 2: எல்லா விசைப்படகுகளும் பதிவு பெற்றவை.

(தேவனாம்பட்டினம் கரையில் நாம் காண்பது எதுவாயினும், தேர்வில் கூற்றுகளை அப்படியே உண்மையென்று ஏற்க வேண்டும்.) கட்டுமரம், விசைப்படகு, பதிவு பெற்றவை ஆகியவற்றுக்கு ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களை வரைய வேண்டும். விசைப்படகு வட்டம் அப்போது நான்கு பகுதிகளாகப் பிரியும். முதல் கூற்று, கட்டுமரமும் விசைப்படகும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இரண்டு பகுதிகளிலும் எதுவும் இல்லை என்கிறது. ஆகவே அவற்றைக் கோடிட்டு நிரப்புகிறோம். இரண்டாம் கூற்று, பதிவு வட்டத்துக்கு வெளியே விசைப்படகு எதுவும் இல்லை என்கிறது. ஆகவே அங்கே எஞ்சியிருந்த பகுதியும் நிரம்புகிறது. விசைப்படகு வட்டத்தில் இப்போது மிஞ்சுவது, பதிவு வட்டத்துக்கு உள்ளேயும் கட்டுமர வட்டத்துக்கு வெளியேயும் உள்ள ஒரே பகுதி. விசைப்படகு என்று ஏதேனும் உண்டென்றால் அது அங்கேதான் இருக்க வேண்டும் என்பதால், அங்கே ஒரு பெருக்கல் குறி இடுகிறோம்.

‘பதிவு பெற்றவற்றுள் சில கட்டுமரங்கள் அல்ல’ என்ற முடிவை அக்குறியே காட்டிவிடுகிறது. மாறாக, ‘சில கட்டுமரங்கள் பதிவு பெற்றவை அல்ல’ என்பது சரியாக வேண்டுமானால், கட்டுமர வட்டத்தில் பதிவுக்கும் விசைப்படகுக்கும் வெளியே உள்ள பகுதியில் குறி இருந்திருக்க வேண்டும். அங்கே குறியும் இல்லை, கோடும் இல்லை. தலைகீழ் என்னும் விதிக்குக் காரணம் இவ்வளவுதான்.

மாணவர் பெரிதும் பிழை செய்வது இந்த வெற்றிடத்தில்தான். கோடிட்டது ‘இல்லை’, குறியிட்டது ‘உண்டு’, வெறுமையாக விட்டது ‘தெரியாது’. வெறுமையை ‘இல்லை’ என்று படித்தவர், ‘எந்தக் கட்டுமரமும் பதிவு பெற்றதன்று’ என்பதையோ ‘எல்லாக் கட்டுமரங்களும் பதிவு பெற்றவை’ என்பதையோ உறுதியெனக் குறித்துவிடுவார். ‘எல்லாக் கட்டுமரங்களும் பதிவு பெற்றவையாக இருக்க வாய்ப்புண்டு’ என்று கேட்டால் மட்டும் விடை ஆம். அதைத் தடுக்கும் கோடோ குறியோ படத்தில் இல்லை.

‘சில’ என்று தொடங்கும் கூற்று இருந்தால் அதை எப்போதும் கடைசியில் குறிக்க வேண்டும். முதலில் கோடிட்டுவிட்டால் குறிக்குரிய இடம் பெரும்பாலும் ஒன்றாகக் குறையும். அப்படியும் இரண்டு பகுதிகள் எஞ்சினால் குறியை இடைக்கோட்டின்மேல் வைக்க வேண்டும். கோட்டின்மேல் நிற்கும் குறியைக் கொண்டு, அந்த இரண்டில் எதைப் பற்றியும் தனியாக உறுதி கூற முடியாது.

1880இல் இப்படத்தை வெளியிட்ட ஆங்கிலேயத் தருக்கவியலாளர் ஜான் வென், எதுவும் இல்லாத பகுதிகளை நிரப்பிக் காட்டினார். இருப்பைக் காட்டும் பெருக்கல் குறியைப் பின்னர் சேர்த்தவர் அமெரிக்கத் தருக்கவியலாளர் சார்லஸ் பியர்ஸ். இக்காலத் தருக்கத்தில், விசைப்படகு ஒன்றாவது உண்டு என்று தனியே கூறாதவரை மேலே நாம் குறியிட்டதே செல்லாது. வங்கித் தேர்வு விடைகளோ பேசப்படும் ஒவ்வொரு வகையிலும் ஏதேனும் உண்டு என்றே கொள்கின்றன. அதனால்தான் ‘எல்லா அ-வும் ஆ’ என்பதிலிருந்து ‘சில ஆ அ’ என்பதும் அங்கே சரியாகிறது.

நான்கு வகைகள் வந்தால் வட்டங்களால் பதினாறு பகுதிகளையும் காட்ட முடியாது; வென் அதற்கு நீள்வட்டங்களை வரைந்தார். தேர்வுக் கூடத்தில் அதற்கு நேரமில்லை என்பதால், முடிவில் வரும் இரண்டு பெயர்களையும் இணைக்கும் கூற்றுகளை மட்டும் எடுத்து, மூன்று வட்டங்களாகப் படிப்படியாக வரைவது போதும்.