சாய்ந்த பலகையில் நிற்கும் பெட்டி: உராய்வு எவ்வளவு?

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சரக்கு இறக்க லொறியின் பின்தட்டிலிருந்து தரைக்கு ஒரு பலகையைச் சாய்த்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் நீளம் 2.6 மீற்றர், தட்டின் உயரம் 1 மீற்றர். பலகையின் நடுவில் 52 கிலோகிராம் திணிவுள்ள மரப்பெட்டி ஒன்று. யாரும் பிடிக்கவில்லை, பெட்டி அசையாமல் நிற்கிறது. பெட்டிக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.5. அப்படியானால் பெட்டியின் மேல் தாக்கும் உராய்வு விசை எவ்வளவு?

உயர்தர மாணவர்களிடம் கேட்டால் பலர் யோசிக்காமல் 240 நியூற்றன் என்பார்கள். சரியான விடை 200. விசைப்படத்தை ஒழுங்காக வரைந்தவருக்கு இந்தப் பிழை வராது.

படத்தில் பெட்டியை மட்டும் வரையுங்கள். லொறி, பலகை, தரை எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். இனிப் போடும் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் அந்த விசையை யார் தருகிறார்கள் என்று சொல்ல முடியவேண்டும். பூமி பெட்டியை இழுக்கிறது: அது நிறை. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் 520 நியூற்றன், நேர் கீழ்நோக்கி. பலகை சாய்ந்திருக்கிறது என்பதற்காக நிறையின் அம்பு சாயாது. அடுத்து, பெட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பது பலகை ஒன்றுதான். அது தரும் விசையை வசதிக்காக இரண்டாக வரைகிறோம். பலகைக்குச் செங்குத்தாக வெளியே தள்ளுவது செவ்வன் மறுதாக்கம். பலகை வழியே மேல்நோக்கிப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. ஆக மொத்தம் மூன்று அம்புகள். ‘கீழே சறுக்கும் விசை’ என்று நான்காவதாக ஒன்றைச் சிலர் போடுவதுண்டு. அதை யார் தருகிறார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது, ஏனென்றால் அது நிறையின் ஒரு கூறுதான்.

பெட்டி நகர்ந்தால் பலகை வழியேதான் நகரும். அதனால் நிறையையும் பலகை வழியே ஒரு கூறாகவும், பலகைக்குச் செங்குத்தாக இன்னொரு கூறாகவும் பிரிப்பதுதான் லாபம். எது sin, எது cos என்ற குழப்பம் இங்கேதான் தொடங்கும். பலகை தரையில் மட்டமாகக் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். அப்போது பலகைக்குச் செங்குத்தான கோடும் நிறையின் கோடும் ஒன்றே. பலகையை θ கோணம் தூக்கினால் அந்தச் செங்குத்துக் கோடும் அதே θ சாயும், நிறை மட்டும் நேராக நிற்கும். ஆகவே அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் θ. செங்குத்துக் கூறு mg cos θ, பலகை வழிக் கூறு mg sin θ. மறந்துபோனால் θ பூச்சியம் என்று போட்டுப் பாருங்கள்: மட்டமான பலகையில் சறுக்கும் கூறு இருக்கக்கூடாது, sin θ அப்போது பூச்சியமாகிறது.

நம் பலகையின் முக்கோணத்தில் உயரம் 1, சாய்வு 2.6, தரைநீளம் 2.4 மீற்றர். எனவே sin θ என்பது 5/13, cos θ என்பது 12/13. பலகை வழிக் கூறு 200 நியூற்றன், செங்குத்துக் கூறு 480 நியூற்றன். இந்தக் கூறுகளைப் படத்தில் புள்ளிக்கோட்டில் போடுங்கள். முழு நிறையையும் அதன் கூறுகளையும் ஒரே மாதிரித் தடித்த கோட்டில் வரைந்தால், சமன்பாடு எழுதும்போது நிறையை இரண்டு தடவை எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

பெட்டி நிற்கிறது, ஆகவே இரு திசையிலும் விசைகள் சமப்படவேண்டும். செவ்வன் மறுதாக்கம் 480, உராய்வு 200. மறுதாக்கம் நிறையைவிடக் குறைவாக இருக்கிறதே, மிச்சத்தை யார் தாங்குகிறார்கள் என்று கேட்கலாம். 480-ஐயும் 200-ஐயும் செங்கோணத்தில் சேர்த்தால் சரியாக 520 வரும், அதுவும் நேர் மேல்நோக்கி. பலகை முழு நிறையையும்தான் தாங்குகிறது, ஒரு பகுதியை உராய்வாகத் தருகிறது.

அப்படியானால் 240 எங்கிருந்து வந்தது? உராய்வுக் குணகத்தை மறுதாக்கத்தால் பெருக்கினால் 0.5 × 480 = 240. அது எல்லை உராய்வு: பலகையால் தரக்கூடிய ஆகக்கூடிய உராய்வு. இந்த எல்லை மறுதாக்கத்துக்கு விகிதசமம் என்பதைக் கியோம் அமொந்தோன் 1699இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். ஆனால் எல்லைக்குள் இருக்கும்வரை உராய்வு தேவையான அளவுக்கே எழும்பும். இங்கே உண்மையிலேயே 240 தாக்கினால், கீழ்நோக்கிய 200 போக 40 நியூற்றன் மேல்நோக்கி மிஞ்சும். தொடாமலே பெட்டி லொறிக்குள் ஏறிப்போக வேண்டியிருக்கும்!

இப்போது ஒருவர் கீழே நின்று பெட்டியைப் பலகை வழியே மேல்நோக்கித் தள்ளுகிறார். 100 நியூற்றன் தள்ளினால் உராய்வு 100 ஆகக் குறைகிறது. 200 தள்ளினால் உராய்வு பூச்சியம், அதே கரடான பலகையிலேயே. 300 தள்ளினால் உராய்வின் அம்பு திரும்பிவிடுகிறது: பெட்டி மேலே போகப் பார்ப்பதால் உராய்வு கீழ்நோக்கி 100. தள்ளும் விசை 440 ஆகும்போது உராய்வு கீழ்நோக்கி 240 என்ற எல்லையைத் தொடுகிறது. அதைத் தாண்டினால்தான் பெட்டி மேலே நகரும். மாறாக, கீழே இறக்க 40 நியூற்றனைக் கொஞ்சம் தாண்டினால் போதும். பெட்டி எந்தப் பக்கம் நழுவப் பார்க்கிறது என்று தீர்மானிக்காமல் உராய்வின் அம்பைப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

பலகையில் தேங்காயெண்ணெய் சிந்தி, குணகம் 0.4 ஆகக் குறைந்தது என்போம். எல்லை 192, தேவையோ 200. பெட்டி நழுவும். நழுவத் தொடங்கியபின் குணகம் பெரும்பாலும் இன்னும் குறையும். அது 0.35 என்றால் உராய்வு 168, மிச்சம் 32 நியூற்றன், ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.6 மீற்றர் அளவு. பெட்டியைப் பாரமாக்கினால் நின்றுவிடுமா என்றால், இல்லை. நழுவ வைக்கும் கூறும் எல்லை உராய்வும் ஒரே விகிதத்தில் கூடும். திணிவு சமன்பாட்டிலிருந்து வெட்டுப்பட்டுப் போகும். நழுவும் கணத்தில் tan θ = μ மட்டுமே எஞ்சும். எண்ணெய் சிந்தாத பலகையில் லொறித்தட்டு ஏறத்தாழ 1.16 மீற்றர் உயரத்துக்கு வந்தால் உயரம் தரைநீளத்தின் பாதியாகும், 0.5 குணகத்தோடு பெட்டி நழுவும். பலகையை மெல்லத் தூக்கி, நழுவும் உயரத்தை அளந்தே குணகத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இதுவரை பெட்டியை ஒரு புள்ளியாகவே நடத்தினோம். 1.8 மீற்றர் உயரமும், பலகை வழியே 0.6 மீற்றர் அகலமும் உள்ள வெறும் அலுமாரியை அதே பலகையில் நிமிர்த்தி வைத்தால் அது போதாது. நிறை திணிவு மையத்தில் தாக்குகிறது, உராய்வு அடியில் தாக்குகிறது. இரண்டும் சேர்ந்து அலுமாரியைக் கீழ்ப்பக்கம் சுழற்றப் பார்க்கும். அதைச் சமப்படுத்தச் செவ்வன் மறுதாக்கம் அடியின் நடுவிலிருந்து கீழ்ப்பக்கமாக நகரும், உயரத்தின் பாதியை tan θ-ஆல் பெருக்கிய தூரம்: 0.9 × 5/12, அதாவது 37.5 சென்ரிமீற்றர். ஆனால் நடுவிலிருந்து விளிம்புக்கு 30 சென்ரிமீற்றர்தான் உண்டு. தாக்கவேண்டிய இடத்தில் அலுமாரியே இல்லாததால், நழுவாமலே அது குப்புற விழும். நீளம் பலகை வழியே வரும்படி அதைப் படுக்கவைத்தால் மறுதாக்கம் 12.5 சென்ரிமீற்றர்தான் நகர வேண்டும், விளிம்போ 90 சென்ரிமீற்றருக்கு அப்பால்.