ஆதன வரி நிலுவைக்காக ஏல அறிவித்தல் வந்தால்

படலையில் ஒட்டியிருந்த ஏல அறிவித்தலுடன், விற்பனைக்கு ஓரிரு நாட்கள் மட்டுமே இருக்கும்போது வருபவர்கள் அநேகமாக ஒரே வசனத்தையே சொல்கிறார்கள்: "உறுதி அப்பாவின் பெயரில் இருக்கிறது, அக்கா கனடாவில் இருக்கிறா, என்னை ஒன்றும் செய்ய முடியாதுதானே?" இந்த எண்ணத்தால் வீடுகள் கைவிட்டுப்போகும் நிலை வந்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஆதன வரி, அதாவது நாம் சோலைவரி என்று சொல்வது, ஆளைப் பின்தொடரும் கடன் அன்று. அது ஆதனத்தின் மீதே சுமத்தப்பட்ட பொறுப்பு. உரித்தாளர் இறந்திருந்தாலும், வெளிநாட்டில் இருந்தாலும், முதுசம் பங்கிடப்படாமல் கிடந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. அதேவேளை, வரியை யாரும் செலுத்தலாம். செலுத்தியதால் மட்டும் அவர் உரித்தாளராகிவிடுவதில்லை. ஆகவே பெயர் மாற்றம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அண்மையில் உவர்மலைப் பக்கம் ஒரு வளவு தொடர்பாக இப்படியோர் அறிவித்தல் வந்தது. வளவு தம்பிக்கும் அக்காவுக்கும் பிரிக்கப்பட்டு, அக்காவின் பங்குக்கு 41/1 என்ற புதிய வரி இலக்கம் கிடைத்திருந்தது. வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய், வரி எட்டு வீதம் என்பதால் ஆண்டுக்கு 4,800 ரூபாய். எட்டு ஆண்டுகளுக்கு 38,400 ரூபாய் நிலுவையென அறிவித்தல் சொன்னது. அக்கா அனுப்பிய பணத்தில் தம்பி மூன்று ஆண்டுகள் கட்டியே இருந்தார், ஆனால் பழைய 41ஆம் இலக்கத்தைச் சொல்லிக் கட்டியிருந்தார். அந்த 14,400 ரூபாய் அங்கே மேலதிக வரவாகக் கிடந்தது.

எனவே அறிவித்தல் கிடைத்த அன்றே, பற்றுச்சீட்டுகளுடன் உங்கள் உள்ளூராட்சிச் சபையின் வருமானப் பிரிவுக்குச் செல்லுங்கள். காலாண்டு வாரியான நிலுவைக் கூற்றையும் கைப்பற்றல் ஆணையின் பிரதியையும் எழுத்தில் கேளுங்கள். அறிவித்தலிலுள்ள இலக்கம் உங்கள் ஆதனத்துடையதுதானா என்று முதலில் பாருங்கள். தகவல் அறியும் விண்ணப்பத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்; அதற்குத் தீர்மானம் சொல்லவே 14 வேலைநாட்கள் வரை செல்லலாம்.

தவறாக வரவு வைக்கப்பட்ட பணத்தை மாற்றித் தரும்படியும், அதுவரை விற்பனையை ஒத்திவைக்கும்படியும், மீதியைத் தவணையில் ஏற்கும்படியும் கேட்கலாம். தவணை உங்கள் உரிமை அன்று, சபையின் விருப்புக்குரியது. அதனால் கணிசமான முற்பணத்துடன் செல்லுங்கள். வருடாந்தப் பெறுமதி அதிகம் என்ற வாதத்தை இப்போது எழுப்பிப் பயனில்லை, அதற்குரிய ஆட்சேபக் காலம் மதிப்பீட்டு அறிவித்தல் வந்தபோதே தொடங்கி முடிந்திருக்கும்.

இணக்கம் வராவிட்டால், தயவுசெய்து விற்பனைக்கு முன்பே நிலுவையையும் செலவையும் முழுமையாகக் கட்டி, கணக்கை ஏற்கவில்லை என்பதை ஒரு கடிதத்தில் பதிவு செய்யுங்கள். நடவடிக்கையே சட்டத்துக்கு முரணானது என்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம், ஆனால் அதற்குச் சட்டத்தரணிக்கு நாட்கள் வேண்டும்.

அந்த அக்காவின் கணக்கில் 24,000 ரூபாயும் செலவும் மட்டுமே எஞ்சின. பணத்தைக் கட்டியதோடு வீடு திரும்பாமல், ஏலம் விலக்கிக்கொள்ளப்பட்டது என்ற கையொப்பமிட்ட கடிதத்தையும் தம்பி வாங்கி, ஏல நாளன்று வளவில் ஒருவரை அதன் பிரதியுடன் நிறுத்தினார்.